ரெண்டு தொடையிலும் ஊசி

“அக்கா, யாழ்ப்பாணத்திலயிருந்து தண்டையார்பேட்டைக்கு வந்து மூண்டு மாசம். இப்ப ஒன்பது கிழமை கர்ப்பம். சுகாதார நிலையத்தில ஹெபடைடிஸ் பி, எச்.ஐ.வி., சிபிலிஸ் எண்டு ரத்தம் எடுத்தவை. சிலோன் ஆக்கள் எண்டு சந்தேகப்படுகினமோ?”

இல்லை தங்கச்சி. உங்களுக்கு முன்னால் வரிசையில் நின்ற காசிமேட்டுப் பெண்ணுக்கும் இதே மூன்றைத்தான் பார்த்திருப்பார்கள். இவை மூன்றும் உடம்பில் எதையும் காட்டாமல் வருடக்கணக்கில் இருக்கக்கூடியவை. ஆளைப் பார்த்து ஊகிக்க முடியாது.

எனக்கும் ஒரு நோவும் இருக்கவில்லை. 2021இல், ராயபுரத்தில் இருந்தபோது, பதினோராவது வாரத்தில் ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ் என்று வந்தது. அழுதேன். பிறகு ஈரலையும் வைரஸ் அளவையும் பார்த்தார்கள். ஒரு மில்லிலிட்டரில் 2 லட்சம் அலகுக்கு மேல் இருந்தது. அதனால் 28ஆவது வாரத்திலிருந்து தினமும் ஒரு டெனோஃபோவிர் மாத்திரை. என் கணவருக்கும் பரிசோதனை செய்து தடுப்பூசி போட்டார்கள்.

இந்த வைரஸ் பெரும்பாலும் பிரசவ நேரத்தில்தான் பிள்ளைக்குத் தொற்றும். பெரியவர்களில் அநேகருக்கு அது தானாகவே விலகிவிடும். பிறந்த பிள்ளைக்குத் தொற்றினால் பத்தில் ஒன்பது பேருக்கு உடம்பிலேயே தங்கிவிடும். பிற்காலத்தில் ஈரல் சுருக்கமும் புற்றுநோயும் வரலாம். அதைத் தடுக்கப் பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசியும், முடிந்தவரை 12 மணி நேரத்துக்குள் இம்யூனோகுளோபுலின் என்ற தயார் எதிர்ப்பொருள் ஊசியும் போட வேண்டும்.

என் பிரசவம் நள்ளிரவில். ரிசல்ட் தாள் கோப்பின் அடியில் கிடந்தது. நர்ஸ் தடுப்பூசி மட்டும் போட்டுவிட்டு நகர்ந்தபோது, “எனக்கு ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ்” என்றேன். இம்யூனோகுளோபுலின் அங்கே இருப்பில் இல்லை. என் கணவர் மருந்துக்கடை மருந்துக்கடையாக அலைந்து, அந்தச் சின்னக் குப்பியை ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு ஓடி வந்தார். ஏழாவது மணி நேரத்தில் மற்றத் தொடையில் போட்டார்கள். பிறகு 6, 10, 14ஆவது வாரத் தடுப்பூசிகளை ஒன்றும் தவறவிடவில்லை. தாய்ப்பாலும் கொடுத்தேன், அதற்குத் தடையில்லை. பத்தாவது மாதம் ரத்தம் பார்த்தபோது பிள்ளைக்கு வைரஸ் இல்லை. எதிர்ப்புச் சக்தி இருந்தது.

மற்ற ரெண்டுக்கும் வழி உண்டு. எச்.ஐ.வி. என்றால் உடனே கூட்டு மருந்து தொடங்கி, வாழ்நாள் முழுக்க எடுக்க வேண்டும். பிள்ளைக்கும் பிறந்தவுடன் சொட்டு மருந்து. சிபிலிஸ் கர்ப்பத்திலேயே பிள்ளையைத் தாக்கும், வயிற்றிலேயே இறக்கவும் கூடும். பென்சிலின் ஊசியைப் பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்பாவது போட்டால்தான் பிள்ளைக்கும் சிகிச்சை ஆகும். கணவருக்கும் சிகிச்சை வேண்டும், இல்லையென்றால் திரும்பத் தொற்றும். முதல் பரிசோதனையில் பாசிட்டிவ் வந்தால் மறுபரிசோதனையில் உறுதிசெய்வார்கள். அதற்குள் வீட்டில் யாரும் யாரையும் குற்றம் சொல்ல விடாதீர்கள்.

“எல்லாம் நார்மல்” என்று வாயால் சொன்னால் போதாது. மூன்று முடிவையும் அட்டையில் எழுதித் தரக் கேளுங்கள், போனில் படம் எடுத்து வையுங்கள். ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ் என்றால் எட்டாவது மாதமே அந்தக் குப்பி எங்கே கிடைக்கும் என்று பிரசவ ஆஸ்பத்திரியில் கேட்டு வையுங்கள்.