பெட்ரோல் மூடிக்கும் செக் எஞ்சின் விளக்குக்கும் என்ன சம்பந்தம்?

"அமெரிக்காவில் இருக்கிறேன். பெட்ரோல் போட்ட மறுநாள் செக் எஞ்சின் விளக்கு எரிகிறது. வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. ஸ்கேனரில் P0457. மெக்கானிக்கிடம் போகணுமா?"

முதலில் மூடியைப் பாருங்கள். P0457 என்பது பெட்ரோல் ஆவி கசிகிறது, மூடி தளர்ந்திருக்கலாம் என்று சொல்லும் பிழைக் குறியீடு. டேங்கில் எழும் பெட்ரோல் ஆவி வெளியே போகாமல் ஒரு கரி டப்பாவில் பிடித்து, பிறகு எஞ்சினில் எரிப்பார்கள். அந்தப் பாதையை அடைத்து, உள்ளே அழுத்தம் நிற்கிறதா என்று கணினி அவ்வப்போது சோதிக்கும். மூடி தளர்ந்திருந்தால் நிற்காது. எஞ்சின் ஆறியிருந்து, டேங்க் நிரம்பி வழியாமலும் காலியாகாமலும் இருந்தால்தான் பெரும்பாலான வண்டிகளில் இந்தச் சோதனை நடக்கும். மறுநாள் எரிந்தது அதனால்தான்.

மூடியைக் கழற்றி, ரப்பர் வளையத்தில் விரிசலோ மண்ணோ இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். சரியாக இருந்தால் 'கிளிக்' சத்தம் வரும்வரை திருகுங்கள். விளக்கு உடனே அணையாது. சோதனை சில முறை தேற வேண்டும், அதற்குச் சில நாள் ஆகலாம்.

அப்புறமும் எரிந்தால் புது மூடி போடுங்கள். அதற்கும் மசியாமல், ஆவிக் கசிவையே குறிக்கும் P0455 அல்லது P0442 வந்தால் கசிவு குழாயிலோ வால்விலோ இருக்கலாம். அப்போது புகை விட்டுச் சோதிக்கும் மெக்கானிக்கிடம் போங்கள். விளக்கு விட்டு விட்டு மின்னினால் மட்டும் காத்திருக்காதீர்கள், அது எஞ்சினில் பெட்ரோல் சரியாக எரியாத மிஸ்ஃபயர்.