ஏழு பக்கத்தில் எழுதியதும் ஒரு பக்கத்தில் நின்றதும்

கேள்வி: என் மேலதிகாரியைப் பற்றி எச்.ஆருக்குக் கொடுக்க ஒன்பது பக்கப் புகார் எழுதி வைத்திருக்கிறேன். நடந்ததை மட்டும் ஒரே பக்கத்தில் கொடுங்கள் என்கிறார்கள். இரண்டு வருட வேதனையை ஒரு பக்கத்தில் எப்படி எழுதுவது? எதை விடுவது?

பதில்:

ஒரு பக்கம் கேட்பது உங்கள் வாயை அடைக்கத்தான் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். சில இடங்களில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனாலும் ஒரு பக்கமே உங்களுக்கு நல்லது என்பேன். கோவைப் பக்கம் ஒரு ஆலையின் டைம் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தொழிலாளி எழுதிய காகிதம் உள்ளே போன பிறகு என்ன ஆகிறது என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன். நீளமான கடிதம் வந்தால் அதில் எந்த வரி பலவீனமோ அந்த வரிக்குத்தான் பதில் போகும். மற்ற பக்கங்கள் எல்லாம் ஃபைலில் தூங்கும்.

நான் வக்கீல் இல்லை. முதலாளி பக்கம் பேசுகிறான் என்று யாராவது சொல்வார்கள், அதற்காகவே ஒரு தொழிலாளிக்கு நான் எழுதிக் கொடுத்ததைச் சொல்கிறேன்.

என் நண்பர் மகன் ஒரு பம்ப் கம்பெனியில் சி.என்.சி. ஆபரேட்டர். 2024 ஏப்ரலில் ஒரு சாயங்காலம் ஏழு பக்கக் கடிதத்தோடு வந்தான். "மாமா, நாளைக்கு இதைக் கொடுத்துடலாம்னு இருக்கேன், ஒரு தடவை பாத்துடுங்க" என்றான். படித்தேன். ஷிப்ட் இன்சார்ஜ் எல்லார் முன்னாலும் திட்டியது, தன் ஊர்க்காரப் பையன்களுக்கு நல்ல மெஷினாகக் கொடுப்பது, இவன் அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு லீவு தராதது, இவன் அந்தக் கம்பெனிக்கு எத்தனை வருடம் உழைத்தான் என்பது, எல்லாம் இருந்தது. விடுமுறை நாட்களில் கூப்பிட்டு வேலை வாங்கிவிட்டு அதற்கு மாற்று விடுமுறை தரவில்லை என்ற விஷயம் ஐந்தாம் பக்கத்தில் நாலு வரியில் கிடந்தது. படித்தபோது எனக்கே தொண்டை அடைத்தது. அதையெல்லாம் பொய் என்றோ தேவையில்லாதது என்றோ நான் நினைக்கவில்லை. ஆனால் கம்பெனி மறுக்கவே முடியாத விஷயம் அந்த நாலு வரிதான்.

அவனை ஒரு பென்சில் எடுக்கச் சொன்னேன். ஒவ்வொரு வரியாகப் போய், இதற்குக் காகிதமோ பதிவோ இருக்கிறதா, இல்லை பக்கத்தில் நின்று பார்த்தவர் இருக்கிறாரா, இல்லை அவர் மனதில் இதுதான் இருந்தது என்று நீ நினைக்கிறாயா என்று கேட்டேன். 'வேண்டுமென்றே', 'எப்போதும்', 'என்னைப் பிடிக்காததால்' என்று வந்த இடமெல்லாம் மூன்றாவது வகை. அதைத்தான் முதலில் எடுத்தோம். காரணம் இருக்கிறது. 'எப்போதும் லீவு மறுக்கிறார்' என்று எழுதினால், அவர் லீவு கொடுத்த இரண்டு நாளைக் காட்டி முழுக் கடிதமும் பொய் என்று சொல்லிவிடலாம். 'வேண்டுமென்றே செய்தார்' என்று எழுதினால் அதை நிரூபிக்கிற வேலை உங்கள் தலையில் விழும். நிரூபிக்க முடியாவிட்டால் மேலதிகாரி மீது ஆதாரமில்லாமல் குற்றம் சொன்னதாக மெமோ வரும். வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் அந்த விடுமுறை நாட்களுக்கு வந்தோம். தமிழ்நாட்டில் 1958-ஆம் வருடச் சட்டம் ஒன்று இருக்கிறது, தொழில் நிறுவனங்களின் தேசிய, பண்டிகை விடுமுறைகளுக்காக. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாலும், அதோடு ஐந்து பண்டிகை நாட்களும் சம்பளத்தோடு விடுமுறை. அன்று வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், இல்லையென்றால் அன்றைய சம்பளத்தோடு வேறொரு நாள் மாற்று விடுமுறை. அவன் கடிதத்தில் நாலு நாள் எழுதியிருந்தான்: 15.08.2023, 02.10.2023, ஆயுத பூஜை அன்று 23.10.2023, 26.01.2024. "கம்பெனி நோட்டீஸ் போர்டில் அந்த வருட விடுமுறைப் பட்டியல் இருக்கும், போய்ப் பார்த்துவிட்டு வா" என்றேன். பார்த்தால் பட்டியலில் இருந்தது அடுத்த நாள் விஜயதசமி, ஆயுத பூஜை இல்லை. அந்த ஒரு நாளை அடித்தோம். அவனுக்குக் கோபம், "பண்டிகை அன்னைக்குத்தான மாமா கூப்பிட்டாங்க" என்றான். நியாயமான கோபம்தான். ஆனால் நாலில் ஒன்று தப்பு என்றால் பதில் முழுவதும் அந்த ஒன்றைப் பற்றியே வரும், மற்ற மூன்றும் பதில் இல்லாமல் அப்படியே கிடக்கும்.

மஸ்டர் என்கிற வருகைப் பதிவேட்டை செல்போனில் படம் எடுத்து இணைக்கலாமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். கம்பெனிப் பதிவேட்டைப் படம் எடுத்ததே தனிக் குற்றமாகிவிடும். அது அவர்களிடம்தான் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதினால் போதும். அவனுடைய சம்பள ரசீது அவனுடையது, அதை இணைக்கலாம். அந்த நாட்களில் வேலைக்கு வரச் சொல்லி ஷிப்ட் வாட்ஸ்அப் குழுவில் இன்சார்ஜ் போட்ட செய்தி இவனுக்கும் சேர்த்து வந்தது, அதையும் இணைக்கலாம்.

பணம் எவ்வளவு என்றும் அவன் கணக்குப் போட்டு வைத்திருந்தான். அதை எடுத்துவிட்டேன், இது முக்கியம். அவன் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 15,600 ரூபாய். 26-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 600, 30-ஆல் வகுத்தால் 520. ரூபாயை எழுதினால் பேச்சு 26-ஆ 30-ஆ என்று திரும்பிவிடும். நாளாகக் கேட்டால் மூன்று என்பது மூன்றுதான்.

கடைசியில் நின்ற கடிதம் இது. பெயர், டோக்கன் எண், பிரிவு, தேதி எல்லாம் மேலே இருந்தன.

> பொருள்: விடுமுறை நாட்களில் செய்த வேலைக்கு மாற்று விடுமுறை கோருதல்
>
> ஐயா,
>
> நான் மெஷின் ஷாப்பில் சி.என்.சி. ஆபரேட்டராக வேலை செய்கிறேன். 15.08.2023, 02.10.2023, 26.01.2024 ஆகிய மூன்று நாட்களும் கம்பெனியின் விடுமுறைப் பட்டியலில் உள்ளவை. மூன்று நாட்களிலும் முதல் ஷிப்ட் முழுவதும் வேலை செய்தேன். மஸ்டரிலும் பஞ்ச் பதிவிலும் இது இருக்கும். வேலைக்கு வரும்படி ஷிப்ட் இன்சார்ஜ் அனுப்பிய செய்திகளின் நகலை இணைத்துள்ளேன்.
>
> இந்த நாட்களுக்குக் கூடுதல் சம்பளம் வரவில்லை. அந்தந்த மாதச் சம்பள ரசீதுகளை இணைத்துள்ளேன். மாற்று விடுமுறையும் கிடைக்கவில்லை. 04.03.2024 அன்று 11.03.2024 முதல் 13.03.2024 வரை மாற்று விடுமுறை கேட்டு எழுதிக் கொடுத்தேன். விண்ணப்பம் கையெழுத்தில்லாமல் திரும்பி வந்தது.
>
> மூன்று நாள் மாற்று விடுமுறை, அல்லது அந்த நாட்களுக்குரிய கூடுதல் சம்பளம் வழங்கும்படி கேட்டுக்கொள்கிறேன். முடிவை எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இதில் அம்மாவின் கண் ஆபரேஷன் இல்லை. அவனால் அதைப் பொறுக்கவே முடியவில்லை, "அதுதான மாமா பெருசு" என்றான். அவனுக்குப் பெரிசு, எனக்கும் பெரிசு. ஆனால் அதை எழுதினால் இது கருணை மனு ஆகிவிடும். கருணை மனுவுக்கு 'வருந்துகிறோம்' என்று ஒரே வரியில் பதில் எழுதலாம். உரிமை கேட்டு வந்த காகிதத்துக்கு ஆமாம் என்றோ, இல்லை இன்ன காரணம் என்றோ எழுதியாக வேண்டும்.

திட்டியதை என்ன செய்தாய் என்று நீங்கள் கேட்பீர்கள். உங்கள் ஒன்பது பக்கத்திலும் அதுதான் நிறைய இருக்கும் என்று நினைக்கிறேன். அதை அழிக்கவில்லை, தனிக் கடிதமாக வைத்தோம். ஒரே ஒரு சம்பவம்: தேதி, நேரம், எந்த மெஷின் பக்கத்தில், அவர் சொன்ன வார்த்தை அப்படியே, அருகில் நின்ற இரண்டு பேர். அந்த இரண்டு பேரையும் முன்கூட்டியே கேட்டுவிட்டுத்தான் பெயர் எழுதினான். இரண்டையும் ஒரே காகிதத்தில் வைத்திருந்தால் 'இருவருக்கும் தனிப்பட்ட மனஸ்தாபம்' என்று ஒரு முடிவு எழுதி, விடுமுறைக் கணக்கையும் அதற்குள் புதைத்திருப்பார்கள்.

மூன்று நாளும் கிடைத்தது, சில வாரம் கழித்து. திட்டிய விஷயத்தில் இவனையும் இன்சார்ஜையும் கூப்பிட்டுப் பேசினார்கள், எழுத்தில் எதுவும் தரவில்லை. அவனுக்கு அதில் இன்றும் திருப்தி இல்லை. எனக்கும் இல்லை. ஒரு பக்கக் கடிதத்தால் எல்லாம் நடக்கும் என்று நான் சொல்லவில்லை.

ஒரு விஷயத்தை மட்டும் இந்த வழியில் எழுதாதீர்கள். பாலியல் தொல்லை என்றால் அது எச்.ஆருக்கான குறைக் கடிதம் இல்லை. 2013-ஆம் வருடச் சட்டப்படி அமைத்த உள்ளகக் குழுவுக்குத்தான் எழுத வேண்டும், சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள். சரியான காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் வரை அவகாசம் தரலாம். எச்.ஆர். மேஜையில் காகிதம் சுற்றிக்கொண்டிருக்கும்போதே அந்த நாட்கள் ஓடிவிடும்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது என்னைப் பல வருடம் உறுத்துகிறது. அந்தத் தம்பியின் சம்பள ரசீதைப் பார்த்தபோது பி.எஃப். கணக்கில் அவன் பெயர் இன்ஷியலோடு இருந்தது, ஆதாரில் அப்பா பெயர் முழுதாக இருந்தது. நம் ஊரில் பாதிப் பேருக்கு இப்படித்தான். வேலைக்குச் சேர்ந்த அன்று யாரோ ஒரு கிளார்க் தோன்றியபடி தட்டிவிட்டுப் போவார். தொழிலாளி பணம் எடுக்கப் போகும் நாளில் பெயர் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்புவார்கள். மகள் கல்யாணத்துக்குப் பணம் எடுக்கப் போய் இதனால் அலைந்தவர்களை நான் அறிவேன். கம்பெனி போட்ட எழுத்துக்குத் தொழிலாளி ஏன் அலைய வேண்டும்? உங்கள் பெயரையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

சரி, உங்கள் கடிதம். தமிழா ஆங்கிலமா என்று குழம்பாதீர்கள். நாளைக்குக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டால் எந்த மொழியில் தடுமாறாமல் பதில் சொல்வீர்களோ அதில் எழுதுங்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான இன்வர்ட் முத்திரையும் கையெழுத்தும் தேதியோடு வாங்குங்கள். முத்திரை தர மாட்டோம் என்றால் சண்டை போடாமல் அன்றே ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள், மின்னஞ்சலிலும் அதையே போடுங்கள். பதில் வராவிட்டால் உங்கள் கம்பெனியில் குறைதீர்க்கும் குழு இருக்கிறதா என்று கேளுங்கள். 20 தொழிலாளர் இருந்தாலே அப்படி ஒரு குழு இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அங்கேயும் இதே ஒரு பக்கத்தைத்தான் கொடுக்கப் போகிறீர்கள், முத்திரை வாங்கிய பிரதியின் நகலை இணைத்து.

ஒன்பது பக்கத்தைக் கிழித்துவிடாதீர்கள். அதில் தேதிகள் இருக்கும். விசாரணை என்று கூப்பிட்டால் முந்தின ராத்திரி உட்கார்ந்து படிக்க உங்களுக்கு அது வேண்டும்.