கல்லாவில் குறையும் பணத்துக்கு எப்படிக் கணக்குச் சொல்வது?

கேள்வி: மளிகைக் கடையில் பில்லிங் பார்க்கிறேன். ராத்திரி கல்லா மூடும்போது சிஸ்டம் காட்டுவதைவிட நூறு, இருநூறு, சில நாள் ஆயிரத்துக்கு மேலேகூடக் குறைகிறது. நான் எடுக்கவில்லை. முதலாளியிடம் என்ன விளக்கம் சொல்வது?

"நான் எடுக்கவில்லை" என்று எங்களிடமே சொல்ல வேண்டியிருக்கிறது பாருங்கள், அதைப் படித்ததும்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். திருநெல்வேலிப் பக்கம் ஒரு பலசரக்குக் கடையில் பல வருஷம் கல்லாவில் இருந்தவள் நான். குறைந்த பணத்தை விட, அதைக் கேட்கிற தொனிதான் உறுத்தும்.

உங்கள் கடையில் ஷட்டரைப் பாதி இறக்கியதும் முதல் கேள்வி "சிஸ்டம்ல எவ்வளவு காட்டுது?" என்பதாகத்தான் இருக்கும். அந்தத் தொகையைப் பார்க்கவே பார்க்காதீர்கள். முதலில் பணத்தை எண்ணுங்கள். ஐந்நூறு எத்தனை, இருநூறு எத்தனை என்று சில்லறை வரை தாளில் எழுதி, கூட்டி, கையெழுத்துப் போட்டுவிட்டு, அப்புறம் ஸ்கிரீனைத் திறங்கள். வர வேண்டிய தொகை முன்னாலேயே தெரிந்தால் கை அதை நோக்கியே எண்ணும். சரியாக வந்துவிட்டால் நிறுத்திவிடுவோம், வராவிட்டால்தான் திரும்ப எண்ணுவோம்.

அடுத்து, கல்லாவில் இருக்க வேண்டியது ரொக்க விற்பனைத் தொகை மட்டும் இல்லை. காலையில் வைத்த சில்லறையோடு ரொக்க விற்பனையையும் பழைய பாக்கி வசூலையும் கூட்டி, திரும்பி வந்த சரக்குக்குக் கொடுத்தது, கடைச் செலவு, நடுவில் முதலாளி எடுத்தது எல்லாவற்றையும் கழிக்க வேண்டும். "எங்கள் சாஃப்ட்வேரில் எல்லாம் தானாக வரும்" என்று சொல்ல யாராவது வருவீர்கள். தானாக வருவதும் நாம் உள்ளே போட்டதுதான். போடாத செலவு அதற்குத் தெரியாது.

எங்கள் கடையில் ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். அன்று நான் மேற்பார்வை, கவுண்டரில் புதுப் பையன். காலைச் சில்லறை 3,000. ரொக்க விற்பனை 48,260, பாக்கி வசூல் 2,500. சரக்குத் திரும்பியதற்கு 780, செலவு 640, மதியம் பேங்குக்குக் கொடுத்தது 30,000. ஆக இருக்க வேண்டியது 22,340. தாளில் எழுதியது 20,940. துண்டு 1,400. பையனுக்கு முகமே செத்துவிட்டது. "அக்கா, சட்டைப் பையைப் பாருங்க" என்றான். பையை யார் கேட்டது, யுபிஐ கணக்கை எடு என்றேன்.

ஏன் யுபிஐ? எங்கள் பில்லிங்கில் பில் போட்டு என்டர் தட்டினால், நாமாக மாற்றாதவரை அது 'கேஷ்' என்றே பதிவாகும். கூட்ட நேரத்தில் வாடிக்கையாளர் ஸ்கேன் செய்வார், ஸ்பீக்கர் தொகையைச் சொல்லும், நாம் அடுத்தவரைப் பார்க்கப் போய்விடுவோம். பணம் பேங்கில் இருக்கும், சிஸ்டமோ அதைக் கல்லாவில் தேடும். இப்படி நடந்திருந்தால் ரொக்கம் எவ்வளவு குறைகிறதோ அதே அளவு யுபிஐ கூடியிருக்கும். அன்று சிஸ்டத்தில் யுபிஐ 21,375. வியாபாரிகளுக்கான ஆப்பில் 22,515. கூடுதல் 1,140. ரொக்கப் பில்களில் சரியாக 1,140க்கு ஒன்று மாலை 6:42க்குக் கிடந்தது, ஆப்பிலும் அதே நேரத்தில் ஒரு வரவு. வேலை முடிந்தது.

இரண்டு விஷயம் கவனியுங்கள். ஆப்பில் அன்றைய பரிவர்த்தனைப் பட்டியலோடு ஒப்பிடுங்கள், பேங்கில் விழுந்த தொகையோடு வேண்டாம். பேங்குக்கு மொத்தமாகவோ மறுநாளோ போகலாம், அதில் நாள் கலந்துவிடும். இன்னொன்று, அந்தப் பில்லை ரத்து செய்து புதுப் பில் போடாதீர்கள். நாள் கணக்கு மூடுவதற்கு முன்பே அதே பில்லில் பணம் வந்த வகையை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். ரத்து செய்தால் ஸ்டாக்கும் ஜிஎஸ்டி பில் வரிசையும் சேர்ந்து குழம்பும், ரத்தான பில்லைப் பார்க்கிறவருக்குச் சந்தேகமும் வரும்.

மிச்சம் 260. சாயங்காலம் எண்ணெய் டின் இறக்கியவருக்கு 200 கூலி கொடுத்தது பையனுக்கு நினைவு வந்தது. செலவில் ஏற்றவில்லை, சீட்டும் இல்லை. இறக்கியவரிடம் போனில் கேட்டு, சீட்டு எழுதி, செலவில் சேர்த்தோம். இன்னும் 60. அரை மணி நேரம் தேடியும் கிடைக்கவில்லை. யாருக்கோ மீதி கூடக் கொடுத்திருக்கலாம். அதை டீச் செலவு என்று எழுதி மூடலாம் என்றான். விடவில்லை. 'ரொக்கக் குறைவு 60, காரணம் தெரியவில்லை' என்றே எழுதினோம். எந்தத் தொகைக்கு எந்தப் பில், எந்தச் சீட்டு, எது தெரியவில்லை என்று தனித்தனியாகச் சொன்னால் அதுதான் விளக்கம். 1,400 குறைந்ததாகப் போய் நிற்பதற்கும், 60க்குக் காரணம் தெரியவில்லை என்று தாளோடு போய் நிற்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

சில நாள் துண்டின் சரிபாதிக்கு ஒரு பதிவு கிடக்கும். 260 குறைந்து, 130க்கு ஒரு செலவு வரவுப் பக்கம் ஏறியிருந்தால் அதுதான் ஆள். சிஸ்டம் தொங்கி, ஒரே பில் ஒரு நிமிஷ இடைவெளியில் இரண்டு முறை பதிவாவதும் உண்டு. பணம் கூடுகிற நாளிலும் எழுதுங்கள். "நாளைக்குக் குறைந்தால் ஈடு கட்டலாம்" என்று டிராயர் மூலையில் ஒதுக்கிவைத்தால், யாராவது பார்க்கும் அன்று நீங்கள்தான் திருடர்.

எல்லாம் சரி, குறைவதெல்லாம் பில் போடுகிறவர் கணக்கில்தானா? எங்கள் முதலாளியின் மச்சினர் வருவார், "ஒரு ஐந்நூறு எடுத்துக்கறேன்மா" என்பார், போய்விடுவார். சீட்டு கேட்டால் எனக்குத் திமிர். கடைசியில் பணம் எடுக்கும் யாராக இருந்தாலும் ஒரு நோட்டில் கையெழுத்து என்று முதலாளியிடமே சொல்லிக் கொண்டுவந்தேன். முதல் வாரம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார், அப்புறம் போட்டார்.

சம்பளத்தில் பிடிக்கிறார்களா என்று நீங்கள் எழுதவில்லை, பிடிப்பார்கள் என்று தெரியும். 1936 ஊதியச் சட்டத்திலிருந்தே விதி இதுதான்: கணக்குக் காட்ட வேண்டிய பணம் உங்கள் கவனக்குறைவால் நேரடியாக இழந்ததாக இருக்க வேண்டும், பிடிப்பதற்கு முன் விளக்கம் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். சட்டம் பேசினால் வேலை போகும் என்பீர்கள். உண்மைதான், சண்டைக்குப் போகச் சொல்லவில்லை. மூன்று பேர் கை வைக்கிற டிராயருக்கு ஒருவர் பொறுப்பேற்க முடியாது என்று மட்டும் சொல்லுங்கள். இதே தமிழ்நாட்டில் கடை ஊழியர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் சட்டத் திருத்தம் வந்தது. எங்கள் கடையில் அதற்கப்புறமும் ஸ்டூல் முதலாளிக்கு மட்டும்தான். பத்து மணி நேரம் நின்றவர் ராத்திரி எண்ணினால் நோட்டு ஒட்டத்தான் செய்யும். இதைக் கேட்க ஆளில்லை.

மூடியபின் மறுநாள் சில்லறை 3,000ஐத் தனிப் பையில் போட்டு, தொகையை எழுதிவையுங்கள். காலையில் கல்லாவில் உட்கார்கிறவர் முதல் பில்லுக்கு முன்னால் அதை எண்ணிக் கையெழுத்துப் போடட்டும். நீங்களே உட்கார்ந்தாலும் எண்ணுங்கள்.