ஆறு மணிநேர ஓட்டமும் முடியாத கடைசிச் சுற்றும்

கேள்வி: 6 மணிநேர ஓட்டத்தில் கடைசிச் சுற்றின் நடுவில் நேரம் முடிந்துவிட்டது. முழுச் சுற்றுகளோடு அந்தத் துண்டையும் சேர்த்து மொத்தத் தூரத்தை எப்படிக் கணக்கிடுவது? சான்றிதழில் உள்ளதைவிட என் கடிகாரம் அதிகமாகக் காட்டுகிறதே?

நீங்கள் ஏற்கெனவே ஏற்பாட்டாளர்களோடு ஒரு முறை வாக்குவாதப்பட்டுவிட்டுத்தான் இங்கே கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். மட்டக்களப்பில், கல்லடிக் கடற்கரையை ஒட்டிய வீதிகளில் எங்கள் கழகம் நடத்திய ஆறு மணிநேர ஓட்டத்தில் அளவுச் சில்லைப் பிடித்துக்கொண்டு நடந்தவன் நான். அதனால் சான்றிதழை எழுதுபவரின் பக்கத்திலிருந்து பதில் சொல்கிறேன். ஓடத் தெரியாதவனுக்கு என்ன தெரியும் என்று கேட்பவர்கள் கணக்கை மட்டுமாவது சரிபார்த்துக்கொள்ளட்டும்.

மொத்தத் தூரம் மூன்று பகுதிகளின் கூட்டல்: தொடக்கக் கோட்டிலிருந்து சுற்று எண்ணும் கோடு வரையுள்ள தூரம், முழுச் சுற்றுகளைச் சுற்றின் நீளத்தால் பெருக்கிய தொகை, எண்ணும் கோட்டைக் கடைசியாகக் கடந்த பின் ஓடிய துண்டு. முதலாவது பகுதியைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். எங்கள் சுற்று 1,173 மீற்றர். வீதி ஒடுக்கமாக இருந்ததால் எல்லோரும் நெருக்கியடிக்காமல் புறப்படுவதற்காகத் தொடக்கக் கோட்டை எண்ணும் கோட்டுக்கு 85 மீற்றர் பின்னால் வைத்திருந்தோம். ஆகவே எண்ணும் கோட்டை ஒருவர் முதன்முறை கடக்கும்போது அவர் ஓடியிருப்பது 85 மீற்றர் மட்டுமே. அதைச் சுற்று என்று எண்ணக்கூடாது. பதிவுத்தாளில் 46 முறை கடந்ததாக இருந்தால் முழுச் சுற்றுகள் 45. வேறோர் இடத்தில் நடந்த ஓட்டமொன்றில் முதற்கடப்பையும் சுற்றாகவே எண்ணி முடிவுகளை அச்சிட்டுவிட்டார்கள். கேட்டபோது, எல்லோருக்கும் ஒரே அளவுதானே கூடியிருக்கிறது என்றார்கள். வரிசை மாறாது என்பது உண்மைதான், ஆனால் அந்தத் தூரத்தை இன்னொரு ஓட்டத்தின் தூரத்தோடு எப்படி ஒப்பிடுவது?

எங்கள் ஓட்டத்தில் ஒரு தம்பியின் கணக்கை முழுமையாகச் சொல்கிறேன். 45 சுற்றுகள் 52,785 மீற்றர். தொடக்கத்தின் 85 மீற்றரையும் சேர்த்தால் 52,870. கடைசித் துண்டு 612. மொத்தம் 53,482 மீற்றர், அதாவது 53.482 கிலோமீற்றர். முதற்கடப்பையும் சுற்றாக எண்ணி, அந்த 85 மீற்றரை விட்டிருந்தால் 54,570 என்று வந்திருக்கும். ஓடாத 1,088 மீற்றர் அவருக்கு இனாமாகக் கிடைத்திருக்கும்.

அந்த 612 எப்படி வந்தது என்பதில்தான் சண்டை. கடைசிச் சுற்றுக்குள் நுழையும் ஒவ்வொருவரின் கையிலும் அவருடைய இலக்கம் எழுதிய சிறு மணற்பையைக் கொடுத்துவிடுவோம். (அட்டை கொடுத்தால் கச்சான் காற்று அதைக் கடலுக்கே கொண்டுபோய்விடும்.) ஹோர்ன் ஒலிக்கும் கணத்தில் கடைசியாக நிலத்தில் பட்டிருந்த காலின் பின்பக்கத்தில் பையை வைக்க வேண்டும்; முன்னே வீசுவதும், இன்னும் இரண்டு எட்டு வைத்துவிட்டு வைப்பதும் செல்லாது. பையை வைத்த பின் அவர் நிழலுக்குப் போகலாம், ஆனால் நாங்கள் வரும்வரை பையை யாரும் தொடக்கூடாது. ஹோர்ன் ஒன்று போதாது. கடல் இரைச்சலில் சுற்றின் மறுகோடியில் நிற்பவருக்கு அது கேட்காது, ஆகவே பல இடங்களில் நேரம் ஒத்துவைத்த கடிகாரங்களோடு ஆட்களை நிறுத்தி ஒரே கணத்தில் விசில் அடிக்கச் செய்தோம். அந்தத் தம்பியின் வேகத்தில் பத்து வினாடி தாமதம் என்றால் கிட்டத்தட்ட 25 மீற்றர்.

பிறகு எண்ணும் கோட்டிலிருந்து ஓட்டத் திசையிலேயே சில்லை உருட்டிக்கொண்டு பை வரை போனேன். சில்லு காட்டியது 616. நான் எழுதியது 612. பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்த தம்பி, "என்ன சேர், நாலு மீற்றரை விழுங்கிப்போட்டீங்களே?" என்று கேட்டார். கோபம் நியாயமானதே. ஆனால் அன்று காலையில் அதே சில்லை முழுச் சுற்றிலும் உருட்டிப் பார்த்தபோது அது காட்டியது 1,179. 1,173 என்பது அளவுதிருத்திய சைக்கிளால், வளைவுகளில் ஓரத்திலிருந்து 30 சென்ரிமீற்றர் தள்ளி, ஓடக்கூடிய மிகக் குறுகிய வழியில் அளந்து, நீளம் குறைந்துவிடாதிருக்கக் கிலோமீற்றருக்கு ஒரு மீற்றர் வீதம் கூட்டி அமைத்த நீளம். கரடுமுரடான தாரில் துள்ளி, நடப்பவரின் கையோடு சற்றே நெளிந்து போகும் சில்லு கூடுதலாகத்தான் காட்டும். ஆகவே 616ஐ 1,173ஆல் பெருக்கி 1,179ஆல் வகுத்தேன், 612.87 வந்தது. தசமத்தை மேலே ஏற்றாமல், முழு மீற்றருக்குக் கீழே இறக்கி எழுதுவதே விதி. ஓடுபாதையில் நடக்கும் ஒரு மணிநேர ஓட்டத்திலும் அப்படித்தான். தம்பிக்குத் தாளில் போட்டுக் காட்டிய பின் அவர் சிரித்துவிட்டார் என்று எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள்; அவர் சிரிக்கவில்லை, கையெழுத்து மட்டும் வைத்தார்.

சில்லு எதற்கு, முந்திய சுற்றின் நேரத்தை வைத்தே கணக்கிடலாமே என்று சிலர் சொல்வார்கள். அவர் எண்ணும் கோட்டைக் கடைசியாகக் கடந்தது 5 மணி 55 நிமிடம் 21 வினாடியில். மீதி 279 வினாடி. முந்திய சுற்றுக்கு அவர் எடுத்தது 480 வினாடி. அந்த விகிதப்படி பார்த்தால் 681 மீற்றர் வரும், உண்மையில் ஓடியதைவிட 69 அதிகம். ஏனெனில் தண்ணீர் மேசையில் நின்றார், அதன்பின் நடந்தும் போனார். இன்னொருவர் கடைசி நிமிடத்தில் பறந்திருப்பார். அவருக்கு இதே முறை குறைத்துக் காட்டும்.

உங்கள் கடிகாரம் கூடுதலாகக் காட்டுவதற்கும் காரணம் உண்டு. செய்மதியிலிருந்து வரும் இடக்குறிப்பு அங்குமிங்கும் அலைவதைக் கடிகாரம் தூரமாகக் கூட்டிவிடும். அதோடு நீங்கள் வளைவில் அகலமாக ஓடியதும், தண்ணீர் மேசைக்கு ஒதுங்கியதும் அதில் சேரும். கால் ஓடியது உண்மையாக இருந்தாலும் அந்த மேலதிகத்தைப் பாதை அளவு ஏற்றுக்கொள்ளாது. 6 மணிநேரமும் தொடக்க ஹோர்னிலிருந்தே எண்ணப்படும். பின்வரிசையில் நின்று பத்து வினாடி தாமதமாகக் கோட்டைக் கடந்தால் அது உங்கள் நட்டம்.

இனி ஏற்பாட்டாளரிடம் போனால் கடிகாரத்தை நீட்டாதீர்கள். உங்கள் பதிவுத்தாள், சுற்றின் நீளம், தொடக்கக் கோட்டுக்கும் எண்ணும் கோட்டுக்கும் இடையிலான தூரம், கடைசித் துண்டின் சில்லளவு ஆகியவற்றைக் கேளுங்கள். துண்டை அதற்கு எடுத்த வினாடிகளால் வகுத்துப் பாருங்கள். தம்பிக்கு அது வினாடிக்கு 2.2 மீற்றர், அவருடைய முழு ஓட்டத்தின் சராசரியோ 2.48; களைத்தவருக்கு இது பொருந்தும். கடைசி நிமிடங்களில் வேகமாக ஓடிய உங்களுக்கு அது நடை வேகமாக வந்தால், அல்லது நடந்தே முடித்த உங்களுக்குக் குதிரை வேகமாக வந்தால், அளந்தவர் பையிலிருந்து ஓட்டத் திசையில் முன்னே எண்ணும் கோட்டுக்கு உருட்டியிருக்கக்கூடும், அதாவது ஓடிய துண்டுக்குப் பதிலாக மீதியை எழுதியிருக்கக்கூடும். சுற்றின் நீளத்திலிருந்து அவர் எழுதியதைக் கழித்துப் பாருங்கள். வரும் எண் உங்கள் வேகத்தோடு பொருந்தினால் அதை எழுதித் திருத்தக் கேட்கலாம்.