'கர்ஃபியூ'வில் எங்கே அழுத்தம்?

அன்புள்ள அண்ணா,

என் மகளுக்கு இந்த வருடம் மெட்ரிக். ஆங்கிலத் தாளில் ஒரு கவிதை வரியைக் கொடுத்து அழுத்தம் எங்கெல்லாம் விழுகிறது என்று குறிக்கச் சொல்கிறார்கள், அயாம்பிக் தாளத்தின் விளைவு என்ன என்றும் கேட்கிறார்கள். அவள் ஒன்று விட்டு ஒன்று கோடு போட்டுவிட்டு, 'இதயத் துடிப்பு போல இருக்கிறது' என்று எழுதி வைக்கிறாள். பாதி மார்க்தான் வருகிறது. நாம் வீட்டில் பேசும் ஆங்கிலத்தால்தான் அவளுக்குக் காது வரவில்லை என்று டீச்சர் சொன்னாராம். சின்ன வயதில் பாடசாலையில் நேர், நிரை படித்த எனக்கே இது பிடிபடவில்லை. தமிழ் யாப்பை முதலில் சொல்லிக்கொடுத்தால் உதவுமா? நல்ல புத்தகம் ஏதாவது உண்டா?

ஒரு தாய், சாட்ஸ்வொர்த்

அன்புள்ள தங்கைக்கு,

புத்தகம் வேண்டாம். உச்சரிப்புக் குறி போட்ட ஒரு அகராதி போதும், அது வீட்டிலேயே இருக்கும்.

டீச்சர் சொன்னதை முதலில் தள்ளிவிடுங்கள். டர்பனில் நாம் ஆங்கிலம் பேசும்போது அசைகளை ஓரளவு சமமாக உதிர்க்கிறோம் என்பது உண்மைதான். ஆனால் ஒரு சொல்லில் அழுத்தம் எந்த அசையில் என்பது படித்துத் தெரிந்துகொள்கிற விஷயம். அகராதியில் அழுத்தம் பெறும் அசைக்கு முன்னால் மேலே ஒரு சிறு கோடு நிற்கும். அதைப் பார்க்க எந்த ஊர்க் காதும் வேண்டாம். பிள்ளையிடம் 'உனக்குக் காது இல்லை' என்று சொல்கிறவர் பாடம் நடத்தவில்லை, கையைக் கழுவிக்கொள்கிறார். உங்கள் கடிதத்தில் என்னைச் சுட்டது அந்த ஒரு வரிதான்.

ஆனால் 'இதயத் துடிப்பு' விஷயத்தில் உங்கள் மகளை நான் கோபித்துக்கொள்வேன். அதை எந்தக் கவிதைக்கு அடியிலும் எழுதலாம். பகடிக்கும் எழுதலாம், ஒப்பாரிக்கும் எழுதலாம். கேள்வித்தாளில் கொடுத்த வரியைப் படிக்காமலேயே எழுதலாம். பாதி மார்க் கொடுத்ததே தாராளம்.

தாமஸ் கிரே 1751-இல் வெளியிட்ட கல்லறைத் தோட்ட இரங்கற்பாவின் முதல் நான்கு வரிகளை எடுத்துக்கொள்வோம். முதல் வரி இது. அழுத்தம் விழும் இடங்கள் கர், டோல்ஸ், நெல், பார், டே.

த கர்-ஃபியூ டோல்ஸ் த நெல் அவ் பார்-டிங் டே

பத்து அசை, ஐந்து அழுத்தம். மெலிந்த அசை ஒன்று, அழுந்திய அசை ஒன்று என்று ஐந்து சீர்கள். இதுதான் அயாம்பிக் பென்டாமீட்டர். மாலை மணி அடிக்கிறது, பொழுது சாய்கிறது, அவ்வளவுதான் பொருள்.

இதை எப்படிக் குறிப்பது? உங்கள் மகள் 'ஒன்று விட்டு ஒன்று' என்ற வாய்ப்பாட்டிலிருந்து தொடங்குகிறாள், அங்கேதான் பிசகுகிறது. சொல்லிலிருந்து தொடங்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட அசையுள்ள சொற்களை முதலில் பிடிக்கச் சொல்லுங்கள். இந்த வரியில் கர்ஃபியூ, பார்டிங் இரண்டும்தான். இரண்டிலும் அழுத்தம் முதல் அசையில் என்று அகராதி சொல்லிவிடும். பிறகு ஓரசைச் சொற்கள். பொருள் சுமக்கிற பெயரும் வினையும் அழுந்தும்: டோல்ஸ், நெல், டே. 'த', 'அவ்' போன்ற ஒட்டுச் சொற்கள் வாயில் கரைந்துபோகும். இவ்வளவும் குறித்த பிறகுதான் வாய்ப்பாட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இப்போது உங்களுக்கு ஏன் பிடிபடவில்லை என்று சொல்கிறேன். உங்களைத் தடுப்பதே அந்த நேரும் நிரையும்தான். 'அகர முதல எழுத்தெல்லாம்' என்பதை அலகிடும்போது நாம் எழுத்தைப் பார்க்கிறோம். அக-ர, நிரை நேர், புளிமா. முத-ல, அதுவும் புளிமா. எழுத்-தெல்-லாம், புளிமாங்காய். குறில், நெடில், ஒற்று, இவை போதும். யார் எப்படி வாசித்தாலும், பொருள் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் அலகு மாறாது. இந்தப் பழக்கத்தோடு கிரேயிடம் போனால் கண் நெடிலைத் தேடும். கர்ஃபியூவில் 'ஃபியூ' நீண்டு ஒலிக்கிறது, ஆனால் அழுத்தம் அதில் இல்லை, 'கர்' மேல் இருக்கிறது. சாவுமணியைக் குறிக்கும் 'நெல்' குறுகிய ஒலி, ஆனால் வரியின் நடுவில் முழு அழுத்தத்தோடு நிற்கிறது. நீளம் வேறு, அழுத்தம் வேறு என்பதற்கு இந்த ஒரு வரியே போதும்.

கிரேக்கத்தில் அயாம்ப் என்பது குறிலும் நெடிலும்தான், நம் யாப்பைப் போல அளவுக் கணக்கு. ஆங்கிலேயர்கள் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு அழுத்தத்துக்குச் சூட்டிவிட்டார்கள். பழைய பாடநூல்களில் குறில்-நெடில் குறிகளைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

இன்னொன்று. ஆங்கிலத்தில் பொருள் தெரியாமல் அழுத்தம் குறிக்க முடியாது. பரிசு என்றால் பிரெ-சன்ட், அழுத்தம் முதல் அசையில். பரிசை வழங்கு என்றால் பிரி-சென்ட், அழுத்தம் இரண்டாம் அசையில். எழுத்து ஒன்றே, அழுத்தம் இடம் மாறுகிறது. ஆகவே தமிழ் யாப்பு இதற்கு உதவாது. அதைத் தனியாக, அதற்காகவே சொல்லிக்கொடுங்கள்.

விளைவுக்கு வருகிறேன். அயாம்ப் தன்னளவில் எந்த உணர்ச்சியையும் தருவதில்லை. ஆங்கிலப் பேச்சே பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது, பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ஒரு மெலிந்த ஒட்டு வந்து நிற்கிறது. 'த பஸ் இஸ் லேட் அ-கெய்ன்' என்று பஸ் நிறுத்தத்தில் அலுத்துக்கொள்கிறவர் மூன்று அயாம்ப் சொல்லிவிட்டுத்தான் அடுத்த வேலையைப் பார்க்கிறார். கவிதையில் அது வரிக்கு வரி திரும்பி வரும்போது நம் செவி அடுத்த அழுத்தத்தை எதிர்பார்க்கத் தொடங்குகிறது. கவிஞன் விளையாடுவது அந்த எதிர்பார்ப்போடு. வாய்ப்பாடு ஒன்று சொல்ல, சொற்கள் கொஞ்சம் வேறாக நடக்கிற இடத்தில்தான் விளைவு பிறக்கிறது. பரீட்சையில் எழுத வேண்டியதும் அந்த இடத்தைப் பற்றித்தான்.

இரண்டாம் வரி:

த லோ-யிங் ஹர்ட் வைண்ட் ஸ்லோ-லி ஓர் த லீ

மாட்டு மந்தை கத்திக்கொண்டே புல்வெளியில் வளைந்து நடக்கிறது. வாய்ப்பாட்டின்படி 'வைண்ட்' மெலிய வேண்டிய இடம். ஆனால் அது வினைச்சொல், மெலியாது. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஹர்ட், வைண்ட், ஸ்லோ என்று மூன்று கனமான அசைகள் அடுத்தடுத்து நிற்கின்றன. முதல் இரண்டும் 'ட்' என்று முடிகின்றன, நாக்கு ஒவ்வொரு முறையும் நின்று எடுத்துத்தான் அடுத்ததற்குப் போக முடியும். மந்தை மெதுவாக நடக்கிறது என்ற சொல் வருவதற்கு முன்பே நம் வாய் மெதுவாகிவிட்டது. ஆனாலும் அயாம்ப் உடையவில்லை, ஏனென்றால் ஒரு சீருக்குள் இரண்டாவது அசை முதலாவதைவிடக் கொஞ்சம் எழும்பினாலே போதும், 'ஸ்லோ' அப்படி எழும்புகிறது. அழுத்தம் என்பது பக்கத்து அசையோடு ஒப்பிட்டுச் சொல்வது. மகளுக்கு இதை மட்டும் மனத்தில் ஊன்றிவிடுங்கள்.

மூன்றாம் வரியில் உழவன் களைத்து வீடு திரும்புகிறான். அழுத்தங்கள் ஐந்தும் வாய்ப்பாடு சொன்ன இடத்தில்தான் விழுகின்றன, அதில் நிற்க வேண்டாம்.

நான்காம் வரி:

அண்ட் லீவ்ஸ் த வர்ல்ட் டு டார்க்-னெஸ் அண்ட் டு மீ

உலகை இருட்டுக்கும் எனக்கும் விட்டுவிட்டுப் போகிறான் என்று பொருள். இந்த வரியை நான் அப்பாவிடமிருந்து கற்றேன். கரும்பு ஆலையில் இரவு ஷிப்ட் பார்த்தவர், ஸ்டாண்டர்ட் சிக்ஸோடு பள்ளியை விட்டவர். அந்த நான்கு வரிகள் மட்டும் அவருக்கு மனப்பாடம். ஷிப்டுக்குக் கிளம்புமுன் கொல்லைக் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டே சொல்வார். எங்கள் வகுப்பில் ஆசிரியர் ஸ்கேலால் மேசையைத் தட்டித் தட்டிச் சொல்லவைப்பார். 'டார்க்னெஸ்'ஸுக்கு அடுத்த 'அண்ட்' வரும்போதும் ஸ்கேல் விழும், நாங்களும் 'அண்ட்' என்று கத்துவோம். ஒருநாள் வீட்டில் அப்படிக் கத்தினேன். அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "யாருடா அப்படிப் பேசுவா?" என்றார். பிறகு அவரே சொன்னார். 'டார்க்' என்ற இடத்தில் குரல் இறங்கி ஊன்றியது. 'னெஸ் அண்ட் டு' மூன்றும் மூச்சுக்காற்றாகப் போயின. 'மீ' தனியாக வந்தது.

அவர் சொன்னதுதான் சரி, ஸ்கேல் சொன்னது தவறு. நான்காவது சீரில் வாய்ப்பாடு ஒரு அழுத்தத்தை எதிர்பார்க்கிறது, கவிஞன் அங்கே ஒரு ஒட்டுச் சொல்லை வைத்து அதை ஏமாற்றுகிறான். ஐந்து அழுத்தத்துக்குப் பழகிய செவிக்கு நான்குதான் கிடைக்கிறது. 'டார்க்'கிலிருந்து 'மீ' வரை ஊன்ற இடமே இல்லாமல் மூன்று மெலிந்த அசைகளைக் கடக்கிறோம். அதனால்தான் கடைசியில் வருகிற 'மீ' என்ற சின்னச் சொல் இவ்வளவு கனக்கிறது. உழவன் போய்விட்டான், மந்தை போய்விட்டது, இருட்டும் இந்த ஒருவனும்தான் மிச்சம். எதைத் தட்டினாலும் தட்டுங்கள், அந்த 'அண்ட்'டைத் தட்டாதீர்கள். எந்த மனிதனும் பேசாத விதத்தில் ஒரு வரி உங்கள் வாயில் ஒலித்தால், குறி எங்கோ தப்பியிருக்கிறது.

ஆகவே மகள் விடையை இப்படி எழுதட்டும்: 'வரி அயாம்பிக் பென்டாமீட்டர். நான்காவது சீரில் "அண்ட்" மெலிந்திருப்பதால் அழுத்தமில்லாத அசைகள் மூன்று சேர்கின்றன, கடைசி அழுத்தம் "மீ" மேல் தனித்து விழுகிறது, பேசுபவனின் தனிமை அதில் கேட்கிறது.' எந்தச் சீர், எந்தச் சொல், அதனால் என்ன. ஒவ்வொரு வரிக்கும் அந்தந்த வரியின் பதில்.

வரியில் எல்லாமே ஒழுங்காக இருந்தால் ஒழுங்காக இருக்கிறது என்றே எழுதலாம், அது எதற்கு உதவுகிறது என்று ஒரு வாக்கியம் சேர்த்தால் போதும். இல்லாத மாறுதலைத் தேடி இட்டுக்கட்ட வேண்டாம். சில பிள்ளைகள் 'ர' ஒலி இரண்டு வந்தால் சோகம், 'ல' மூன்று வந்தால் அமைதி என்றெல்லாம் எழுதுகிறார்கள். அந்த வழிக்கே போக வேண்டாம்.

அடுத்த வரியை அவளே செய்யட்டும்: 'நௌ ஃபேட்ஸ் த கிளிமரிங் லேண்ட்ஸ்கேப் ஆன் த சைட்.' எண்ணினால் பதினொரு அசை வரும், பயந்துவிட வேண்டாம். 'கிளிமரிங்' அகராதியில் மூன்று அசை, இந்த வரியில் 'கிளிம்-ரிங்' என்று இரண்டாகச் சுருங்கும். 'நௌ' என்ற முதல் அசையையும் கவனிக்கச் சொல்லுங்கள், அது 'த' மாதிரி மெலிகிற சொல் இல்லை. குறித்து முடித்ததும் தாளைப் படமெடுத்து அனுப்புங்கள், நான் பார்த்துத் திருத்தித் தருகிறேன்.

அன்புடன்,
அண்ணன்