சோதனையாளர் அழைப்பில் எதையெல்லாம் சொல்ல வேண்டும்?

"ஆண்ட்ராய்டு ஆப்புக்கு பீட்டா சோதனையாளர்கள் கேட்டுப் பதிவு போட்டேன். பாதிப் பேர் நாலு நாளில் விலகிவிட்டார்கள், மீதிப் பேர் 'சூப்பர்' என்றதோடு சரி. பதிவை எப்படி எழுதுவது?"

முதலில் கால அளவைச் சொல்லிவிடுங்கள். கூகுள் பிளேயில் 2023 நவம்பர் 13-க்குப் பிறகு திறந்த தனிநபர் டெவலப்பர் கணக்கு என்றால், வெளியீட்டுக்கு விண்ணப்பிக்கும்முன் குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் குளோஸ்டு டெஸ்டில் இருக்க வேண்டும். நடுவில் விலகியவர் கணக்கில் வரமாட்டார். அதனால் இருபது பேரையாவது சேருங்கள். பதிவு இப்படி இருக்கலாம்:

"ஆண்ட்ராய்டு 10 அல்லது அதற்கு மேற்பட்ட போன் தேவை. தினமும் ஐந்து நிமிடம் பயன்படுத்தினால் போதும், ஆனால் 14 நாள் முடியும்வரை விலக வேண்டாம். பிளே ஸ்டோரில் பயன்படுத்தும் கூகுள் கணக்கின் மின்னஞ்சலைத் தனிமடலில் அனுப்புங்கள்."

பதிப்பு எண்ணை உங்கள் `minSdk` பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள் (29 என்றால் ஆண்ட்ராய்டு 10). அதற்குக் கீழுள்ள போனில் ஆப் நிறுவவே ஆகாது.

"எப்படி இருக்கு?" என்று கேட்டால் "சூப்பர்" தான் வரும், வேறென்ன வரும்! போன் மாடல், எதைத் தொட்டார்கள், என்ன நடக்கும் என்று நினைத்தார்கள், உண்மையில் என்ன நடந்தது, கூடவே ஒரு ஸ்கிரீன்ஷாட் என்று கேளுங்கள். அனுப்ப ஒரே ஒரு மின்னஞ்சல் முகவரி கொடுங்கள். வரும் பதில்களைச் சேமித்து வையுங்கள்: என்ன கருத்து வந்தது, அதை வைத்து எதை மாற்றினீர்கள் என்று வெளியீட்டு விண்ணப்பத்தில் கேட்பார்கள்.