சூடேற்றிய பெட்ரி தட்டிலும் வளர்ச்சி

"கண்ணாடி பெட்ரி தட்டுகளை ஹாட் ஏர் அவனில் 160 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தேன், பிறகு யூவி விளக்கின் கீழும் வைத்தேன். அப்படியும் பாக்டீரியா வளர்கிறது. பிளாஸ்டிக் தட்டையும் அவனில் வைக்கலாமா?"

வைக்காதீர்கள், உருகிவிடும். கடையில் வரும் பிளாஸ்டிக் தட்டுகள் பெரும்பாலும் காமா கதிரிலோ எத்திலீன் ஆக்சைடிலோ நுண்ணுயிர் நீக்கப்பட்டவை. காமா கதிர் மூடிய பொட்டலத்தையும் ஊடுருவும், சூடும் அதிகம் ஏறாது. உறை கிழியாதிருந்தால் அப்படியே பயன்படுத்தலாம்.

கண்ணாடித் தட்டுக்கு 160 டிகிரியில் 2 மணி நேரம் வேண்டும். அதுவும் உள்ளே இருக்கும் தட்டுகள் அந்தச் சூட்டை எட்டிய பிறகு எண்ண வேண்டும். உலர்ந்த காற்று சூட்டை மெதுவாகத்தான் கடத்தும். டப்பாவில் நெருக்கி அடுக்கியிருந்தால் வெளி வெப்பமானி 160 காட்டும்போதும் நடுத்தட்டு பின்தங்கியே இருக்கும். உங்கள் சிக்கல் இதுவாகத்தான் இருக்கும்.

சோதிக்க:
1. அடுக்கின் நடுவில் பேசில்லஸ் அட்ரோஃபேயஸ் வித்துப் பட்டை ஒன்றை வைத்து ஓட்டுங்கள். பிறகு அதை ஊடகத்தில் வளர்த்துப் பாருங்கள். வளர்ச்சி வந்தால் நடுவுக்குச் சூடு போதவில்லை.
2. ஊற்றாத ஊடகம் கொஞ்சத்தைக் குடுவையிலேயே இன்குபேட்டரில் வையுங்கள். அதில் வளர்ச்சி தெரிந்தால் குறை ஆட்டோகிளேவில், தட்டில் இல்லை.

யூவி விளக்கை இதற்கு நம்ப வேண்டாம். 254 நானோமீட்டர் ஒளி சாதாரணக் கண்ணாடியையே தாண்டாது, மூடிய தட்டுக்குள் போகவே போகாது. லாமினார் அறையின் மேசைப்பரப்புக்கு அது போதும், அங்கும் தூசி படிந்தால் பயன் குறையும்.

ஹாட் ஏர் அவனை நிறுத்திய உடனே திறக்காதீர்கள். கண்ணாடி விரிசல் விடும், குளிர்ந்த காற்றோடு கிருமியும் உள்ளே போகும்.